வினாத்தாளில் தமிழ் ஒன்று சொல்லி ஆங்கிலம் வேறு சொன்னால்

கேள்வி: "நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்வழிதான். நீட், டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வுகளில் ஒரே கேள்வி தமிழில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் இருந்தால் எது செல்லும்? தமிழில் இருப்பதை நம்பி விடை போட்டால் மார்க் கிடைக்குமா, கிடைக்காதா?"

ஆங்கிலம்தான் செல்லும். தமிழை மட்டும் படித்துப் போட்ட விடை, ஆங்கிலத்தின்படி வரும் விடையோடு ஒத்துப்போனால் மார்க் உண்டு, ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் கிடையாது. "பெரும்பாலும்" என்று இழுப்பதற்குக் காரணம், விடைக்குறிப்பு வெளியான பிறகு ஆட்சேபம் சொல்ல ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கும், அதில் சரியாகக் கேட்டால் சில நேரம் வழி பிறக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது யாரோ வாய்மொழியாகச் சொல்லும் வழக்கம் இல்லை, எழுதி வைத்த விதி. நீட், ஜேஇஇ மெயின் இரண்டின் தகவல் கையேட்டிலும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்ற வரி இருக்கும். விண்ணப்பிக்கும்போது "கையேட்டைப் படித்தேன், விதிகளை ஏற்கிறேன்" என்று ஒரு கட்டத்தில் டிக் போடுகிறோமே, அந்த ஒரு டிக்கில் இதையும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. நூறு பக்கத்துக்கு மேல் போகும் கையேட்டை யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், நானும் என் காலத்தில் படித்ததில்லை.

டிஎன்பிஎஸ்சி விஷயம் கொஞ்சம் வேடிக்கை. நான் பார்த்த வினாத்தொகுப்புகளின் முதல் பக்கத்தில் ஆங்கில அறிவுரை, எல்லா விஷயங்களிலும் ஐயம் எழும் இடங்களிலும் ஆங்கில வடிவமே இறுதி என்கிறது. அதே அறிவுரையின் தமிழ் வரியோ "ஆங்கில வடிவில் கொடுக்கப்பட்டுள்ள குறிப்புகள்தான் முடிவானதாகும்" என்கிறது. தமிழை மட்டும் படிப்பவருக்கு இது முன்பக்கக் குறிப்புகளைப் பற்றித்தான், கேள்விகளைப் பற்றி இல்லை என்று தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது. எது செல்லும் என்று சொல்லும் வரியிலேயே இரண்டு மொழியும் ஒத்துப்போகவில்லை! அங்கும் ஆங்கிலம்தான் இறுதி என்பதால் சண்டை போடவும் வழியில்லை. நீங்கள் எழுதும் தேர்வின் தொகுப்பில் என்ன அச்சாகியிருக்கிறது என்று முதல் பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பொதுத்தமிழ் மாதிரி ஆங்கில வடிவமே இல்லாத பகுதிக்கு இந்தப் பேச்சே எழாது, அங்கே தமிழில் இருப்பதுதான் கேள்வி.

ஏன் ஆங்கிலம்? மொழிப்பற்று, மொழி வெறுப்பு எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், முதல் காரணம் வேலை நடக்கும் வரிசை. கேள்வி எழுதப்படுவது ஆங்கிலத்தில். விடைக்குறிப்பு தயாராவது அந்த ஆங்கிலக் கேள்விக்கு. அதற்கு அப்புறம்தான் தாள் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருகிறது, அதுவும் ரகசியம் கசியக் கூடாது என்று ஒரு சிலர் மட்டும் அடைத்த அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை. பத்துப் பேர் படித்துப் பார்த்துத் திருத்த முடியாது, பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டி "பிள்ளைகள் இந்தச் சொல்லைத்தான் படித்தார்களா" என்று கேட்கவும் முடியாது. இரண்டாவது காரணம் தரவரிசை. 2018 நீட் தேர்வு 11 மொழிகளில் நடந்தது, ஆனால் ரேங்க் பட்டியல் ஒன்றுதான். ஒவ்வொரு மொழிக்கும் அந்தந்த மொழியின்படி விடைக்குறிப்பு என்றால் அது 11 தனித்தனித் தேர்வாகிவிடும், ஒரே பட்டியலில் ஒப்பிட முடியாது. ஏதாவது ஒன்று மூலம் என்று வைத்துத்தான் ஆக வேண்டும். அது ஆங்கிலமாக இருப்பது தமிழ்வழி மாணவருக்கு நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் தேர்வறையில் உட்கார்ந்திருக்கும்போது நியாயம் பார்த்துக்கொண்டிருந்தால் மார்க்தான் போகும்.

இனி உண்மையில் எந்த இடத்தில் அடி விழுகிறது என்று பார்ப்போம். மொழிபெயர்ப்புப் பிழை என்றால் எல்லோரும் சிரிப்பு வரவைக்கும் சொல்லைத்தான் நினைக்கிறார்கள். 2018 நீட் தாளில் சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் "சீத்தா" என்று வந்தது, அது பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது. அப்படிப்பட்ட பிழை கண்ணில் படும், பட்டதும் "என்னடா இது" என்று ஆங்கிலத்தைப் பார்ப்பீர்கள், தப்பித்துவிடுவீர்கள். ஆபத்தானது அது இல்லை. தமிழ் வாக்கியம் தெளிவாக, பிழையே இல்லாமல், பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கும், ஆனால் ஆங்கிலம் கேட்டதை அது கேட்டிருக்காது. அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன். "7 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாதையில் ஒருவர் 11 விநாடியில் ஒரு முழுச் சுற்று ஓடி, தொடங்கிய இடத்துக்கே வருகிறார். அவருடைய சராசரி வேகம் என்ன?" கொடுத்த விடைகள்: 0, 2, 4, 7 மீட்டர் / விநாடி. நம் பாடப்புத்தகத்தில் வேகம் என்றால் ஸ்பீடு, திசைவேகம் என்றால் வெலாசிட்டி. சிறு வகுப்பிலிருந்தே அப்படித்தான் மனதில் ஏறியிருக்கிறது. எனவே தமிழைப் படித்தவர் சுற்றளவு கண்டுபிடிப்பார், 2 × 22/7 × 7, அதாவது 44 மீட்டர். 11 ஆல் வகுத்தால் 4. மூன்றாவது விடை, போட்டாயிற்று, அடுத்த கேள்வி. ஆனால் ஆங்கிலத்தில் இருப்பது சராசரி வெலாசிட்டி என்று வையுங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழி, சராசரி திசைவேகமும் சுழி. விடைக்குறிப்பில் முதல் விடை இருக்கும். மொழிபெயர்த்தவர் செய்தது ஒன்றும் பெரிய குற்றம் போலத் தெரியாது, பேச்சுவழக்கில் இரண்டையும் "வேகம்" என்றுதானே சொல்கிறோம். ஆனால் இயற்பியலில் அந்த "திசை" என்ற இரண்டு எழுத்துக்குத்தான் மார்க்.

நீட் கணக்கில் இதன் விலை என்ன? சரியாகப் போட்டிருந்தால் 4 மார்க், தவறாகப் போட்டதால் ஒன்று கழிகிறது, ஆக 5 மார்க் வித்தியாசம். பாடம் தெரிந்து, கணக்கும் சரியாகப் போட்டு, 5 மார்க் இழப்பது என்பது வயிற்றெரிச்சல்தான்.

இதே வகையில் அடிக்கடி வருவது "அல்ல" காணாமல் போவது. ஆங்கிலத்தில் "கீழ்க்கண்டவற்றுள் எது சரியல்ல" என்ற பொருளில் இருக்கும், தமிழில் "எது சரி" என்று வந்துவிடும். என்னிடம் படித்த ஒரு பையன் ஒரு மாதிரித் தேர்வில் இப்படி மூன்று கேள்வியை விட்டான். அந்தத் தாளைத் தயாரித்தவர்கள் யாரென்று சொல்லப்போவதில்லை, அவசரத்தில் செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அவனுக்கு அப்புறம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தமிழில் படி, புரிந்துகொள், ஆனால் விடையைக் கறுப்பதற்கு முன் ஆங்கிலத்தில் நான்கு இடத்தில் மட்டும் கண்ணை வை. 'நாட்', 'எக்ஸெப்ட்', 'இன்கரெக்ட்' மாதிரி எதிர்மறைச் சொல் இருக்கிறதா, எண்ணும் அலகும் தமிழில் உள்ளதுபோலவே இருக்கின்றனவா, முக்கியமான கலைச்சொல் எது, விடைகளின் வரிசை ஒன்றுதானா. அவ்வளவுதான். முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லவில்லை, தமிழ்வழிப் பிள்ளைக்கு அதற்கு நேரமும் இருக்காது. இதைச் செய்ய அந்தப் பாடத்தின் கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், நம் பாடநூல்களில் கலைச்சொல் பட்டியல் இருக்கிறதே, அதைத் தேர்வுக்கு முன் ஒரு நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டால் போதும்.

நீட் தேர்வில் தமிழைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் உள்ள தொகுப்புதான் தருவார்கள், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஆங்கிலம் மட்டும். ஆகவே ஆங்கிலம் உங்கள் கையிலேயே இருக்கிறது. இதுதான் பின்னால் உங்களுக்கு எதிராகத் திரும்பும் வாதமும்: "ஆங்கிலமும் பக்கத்திலேயே இருந்ததே, ஏன் பார்க்கவில்லை?" கணினியில் நடக்கும் தேர்வு என்றால் திரையில் கேள்விக்கு மேலே "View in" என்று ஒரு சிறு பட்டியல் இருக்கும், அதில் மொழியை மாற்றினால் அதே கேள்வி மற்ற மொழியில் வரும், குறித்த விடை அப்படியே இருக்கும். பலர் தேர்வு முடியும்வரை அதைத் தொடுவதே இல்லை.

அறைக் கண்காணிப்பாளரிடம் கேட்கலாமா என்றால், கேட்டுப் பயனில்லை. சொல்லுக்குப் பொருள் சொல்லவோ கேள்வியைத் திருத்தவோ அவருக்கு அதிகாரம் கிடையாது, நல்ல மனசில் அவர் ஏதாவது சொல்லி அது தவறாகப் போனால் இரண்டு பேருக்கும் சிக்கல். நேரத்தை விரயம் செய்யாமல் ஆங்கிலத்தின்படி போட்டுவிட்டு, தொகுப்பில் கேள்வி எண்ணை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு நகருங்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் அந்த 2018 வழக்கு. "அப்போது நீதிமன்றம் 196 மார்க் கொடுத்ததே, எங்களுக்கும் கொடுக்காதா" என்று இன்றைக்கும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதிக் கதை மட்டும் பரவியிருக்கிறது, முழுக் கதை இது.

2018 மே 6 அன்று நீட் நடந்தது, நடத்தியது சிபிஎஸ்இ. மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். தமிழ் வடிவத்தில் 49 கேள்விகளில் பிழை என்று புகார் வந்தது, அதாவது கால் பங்குக்கும் மேல். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு போட்டார். ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது: 49 கேள்விக்கு தலா 4, ஆக 196 மார்க், தமிழில் எழுதிய ஏறக்குறைய 24,700 பேருக்கும் கொடுக்க வேண்டும், இரண்டு வாரத்தில் பட்டியலைத் திருத்த வேண்டும். இந்தச் செய்திதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது.

பத்தே நாளில், ஜூலை 20 அன்று, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நவம்பர் 22 அன்று அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. ஆக அந்த 196 மார்க் ஒருவருக்கும் வந்து சேரவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். தமிழில் எழுதி ஏற்கெனவே 530 எடுத்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவரோடு 196 சேர்த்தால் 726, மொத்தமே 720. அவர் அந்த 49 கேள்வியில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்தைப் பார்த்துச் சரியாகவே போட்டிருப்பார், அதற்கு ஏற்கெனவே மார்க் வாங்கியிருப்பார், இப்போது மறுபடியும் அதே கேள்விக்கு மார்க். இன்னொருவர் அந்த 49 கேள்வியைத் தொடவே இல்லை, மொழிபெயர்ப்பு அவரை எந்த வகையிலும் குழப்பவில்லை, பாடமே தெரியாது, அவருக்கும் 196. மூன்றாமவர் தமிழை நம்பித் தவறாகப் போட்டவர், உண்மையில் பாதிக்கப்பட்டவர் அவர்தான், அவருக்கும் அதே 196. பாதிப்பு ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் பரிகாரம் எல்லோருக்கும் ஒன்று. இன்னொரு பக்கம் அதே கல்லூரி இடத்துக்குப் போட்டி போட்ட ஆங்கிலவழி மாணவர் ஒரே இரவில் 196 மார்க் பின்னால் போகிறார். பிழை உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிழையால் யாருக்கு எந்தக் கேள்வியில் விடை மாறிப்போனது என்று பிரித்துக் காட்டாமல் மொத்தமாகக் கேட்டது நிற்கவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், "நீ யார் பக்கம்" என்பார்கள். நான் தமிழ்வழிப் பிள்ளைகள் பக்கம்தான், அதனால்தான் எது நிற்கும், எது நிற்காது என்று சொல்கிறேன்.

அடுத்து 2021. அந்த ஆண்டு நீட் தாளில் ஒரு இயற்பியல் கேள்வியின் இந்தி வடிவத்தில் மின்னோட்டத்தின் வீச்சு என்பதைக் குறிக்கும் சொற்கள் விட்டுப்போயின என்று மாணவர்கள் சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். இங்கே ஒரே ஒரு கேள்வி, குறிப்பான குறை. நீதிமன்றமும் உடனே தள்ளிவிடாமல் நிபுணர்களைப் பார்க்கச் சொன்னது. நிபுணர்கள் பார்த்துவிட்டு, சொல் விட்டுப்போயிருந்தாலும் இரண்டு வடிவத்திலும் வரும் விடை ஒன்றுதான் என்றார்கள். வழக்கு அதோடு முடிந்தது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் உங்களுக்குத் தேவையான உரைகல் கிடைத்துவிடும். தமிழ் மோசமாக இருக்கிறதா, இலக்கணம் சரியா, சொல் பொருத்தமா என்பதெல்லாம் யாரும் எடை போடுவதில்லை. கேட்பது ஒன்றுதான்: தமிழின்படி ஒரு விடையும் ஆங்கிலத்தின்படி வேறொரு விடையும் வருகிறதா? வரவில்லை என்றால், தமிழ் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், புகாரில் உயிர் இல்லை. சீத்தா கதையிலும் அப்படித்தான், விடை மாறாவிட்டால் மார்க்கும் மாறாது. நான் எழுதிய வட்டப்பாதைக் கேள்வியில் 4 என்றும் 0 என்றும் இரண்டு விடை வருகிறது பாருங்கள், அங்கேதான் ஆட்சேபத்துக்கு இடம் இருக்கிறது.

நீதிமன்றத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. விடைக்குறிப்பு தவறு என்று தெள்ளத்தெளிவாகக் காட்டினால் ஒழிய அது சரி என்றே கொள்ளப்படும் என்று 1983-லேயே கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அப்புறம் வந்த வழக்குகளிலும் அதே போக்குதான். சந்தேகம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்குப் போகும், மாணவருக்கு இல்லை. ஆகவே வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, உத்தேச விடைக்குறிப்பு வந்தவுடன் ஆட்சேபம் போடுவது. அந்தச் சில நாளை விட்டுவிட்டுப் பிறகு எங்கே போனாலும் முதலில் வரும் கேள்வி, "அப்போதே ஏன் சொல்லவில்லை?"

நீட், ஜேஇஇ மெயின் நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தேர்வுகளில் இதற்கு ஒரு கேள்விக்கு 200 ரூபாய் என்ற கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள், 2018-இல் சிபிஎஸ்இ நடத்தியபோது அது 1,000 ரூபாயாக இருந்தது. டிஎன்பிஎஸ்சியில் உத்தேச விடை வெளியான ஏழு நாளுக்குள் இணையவழியில் சொல்ல வேண்டும், தபாலில் அனுப்பினால் எடுக்கமாட்டார்கள். அதில் கவனிக்க வேண்டியது கேள்வி எண். உங்கள் கையில் இருக்கும் தொகுப்பில் கேள்விகளின் வரிசை ஒன்று, வெளியிடும் மூலத்தொகுப்பில் வரிசை வேறு. உங்கள் எண்ணைப் போட்டால் வேறு ஏதோ கேள்விக்கு ஆட்சேபம் சொன்னதாகிவிடும், கேள்வியின் வாசகத்தை வைத்து மூலத்தொகுப்பில் தேடி அந்த எண்ணைப் போட வேண்டும். தொகுப்பை வீட்டுக்குக் கொண்டுவர விடும் தேர்வு என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தமிழில் என்ன அச்சாகியிருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

எழுதும்போது பலரும் செய்யும் தவறு, "மொழிபெயர்ப்பு தவறு, எனவே என் விடைதான் சரி, தமிழ் மாணவர்கள் வஞ்சிக்கப்பட்டோம்" என்று ஒரு பக்கத்துக்குப் பொங்குவது. படிப்பவர் பாட நிபுணர், அவர் முன்னால் நூற்றுக்கணக்கில் ஆட்சேபங்கள் இருக்கும். அவருக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள். வட்டப்பாதைக் கேள்விக்கு நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

"இக்கேள்வியின் ஆங்கில வடிவம் சராசரி வெலாசிட்டியைக் கேட்கிறது, அதன் விடை 0. தமிழ் வடிவம் சராசரி வேகத்தைக் கேட்கிறது. தமிழ்நாடு பாடநூலில் வேகம் என்பது ஸ்பீடு, திசைவேகம் என்பதே வெலாசிட்டி. அப்பக்கத்தின் படம் இணைக்கப்பட்டுள்ளது. தமிழ் வடிவத்தின்படி 44 / 11 = 4 மீட்டர் / விநாடி, இதுவும் கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றாக உள்ளது. ஒரே கேள்விக்கு இரு வடிவங்களில் இரு வேறு விடைகள் வருவதால் இரண்டையும் ஏற்கவோ, கேள்வியை நீக்கவோ கோருகிறேன்."

இவ்வளவுதான். இதில் கவனியுங்கள், ஆங்கிலத்தின்படி வரும் விடை தவறு என்று எங்கும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே "ஆங்கிலம் இறுதி" என்ற வரியைக் காட்டி மூடிவிடுவார்கள். தமிழுக்கும் அச்சிட்ட ஆதாரம் இருக்கிறது, அந்த விடையும் பட்டியலில் இருக்கிறது, ஆகவே கேள்வியே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆதாரமாகப் பாடநூல் பக்கத்தை வையுங்கள், அகராதியையோ இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பக்கத்தையோ வைத்தால் எடுபடாது. இணையப் படிவத்தில் நீங்கள் சரி என்று கருதும் விடையைத் தேர்வு செய்யச் சொல்லும், அங்கே ஒன்றுக்கு மேல் தேர்வு செய்ய விட்டால் இரண்டையும் குறியுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலைமையும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. தமிழ் சரியாக இருக்கும், ஆங்கிலத்தில் அச்சுப்பிழை. அதே வட்டப்பாதைக் கேள்வியில் இரண்டு மொழியும் ஸ்பீடையே கேட்டிருக்கிறது என்று வையுங்கள்; ஆரம் 7 என்பதற்குப் பதில் ஆங்கிலத்தில் 17 என்று விழுந்து, ஆங்கிலத்தின்படி கணக்குப் போட்டால் கொடுத்த விடை எதுவுமே வராமல் போகலாம். அப்போது இது மொழிபெயர்ப்பு ஐயமே இல்லை, மூலக் கேள்வியே பிழை. ஆட்சேபத்தில் மொழிபெயர்ப்பு என்ற சொல்லையே எடுக்காதீர்கள், "ஆங்கில வடிவத்தின்படி எந்த விடையும் சரியில்லை" என்று மட்டும் எழுதுங்கள். தமிழ் வடிவத்தை, என்ன எண் வந்திருக்க வேண்டும் என்பதற்குத் துணைச் சான்றாகக் கடைசியில் வையுங்கள் போதும். தேர்வறையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வது? ஆங்கிலத்தின்படி விடையே இல்லை, தமிழின்படி இருக்கிறது என்றால் நான் தமிழின்படி வருவதைப் போட்டுவிடுவேன். விடைக்குறிப்பு தயாரித்தவர் மனதில் இருந்த எண் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பள்ளிப் பொதுத்தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தாளிலும் இரண்டு மொழியும் இருக்கும், ஆனால் அங்கே தமிழ்வழி விடைத்தாளை மனிதர் ஒருவர் உட்கார்ந்து திருத்துகிறார், பிழையான கேள்வி என்று தெரிந்தால் எழுத முயன்றவருக்கு மார்க் கொடுக்கச் சொல்லித் திருத்தும் மையத்துக்குக் குறிப்பு அனுப்பும் வழக்கம் உண்டு. அந்த நினைப்போடு போட்டித் தேர்வுக்கு வந்து "எப்படியும் கருணை மார்க் கொடுப்பார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். ஓஎம்ஆர் தாளைப் படிப்பது இயந்திரம், நீங்கள் எந்த மொழியில் படித்து அந்த வட்டத்தைக் கறுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

ஆட்சேபம் போட்ட பிறகு உங்களுக்குத் தனியாகப் பதில் கடிதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இறுதி விடைக்குறிப்பு வரும்போது அந்தக் கேள்விக்கு நேரே பாருங்கள். இரண்டு விடை போட்டிருந்தாலோ, கேள்வியை நீக்கியதாக இருந்தாலோ உங்கள் வாதம் எடுபட்டிருக்கிறது. பழைய விடையே இருந்தால் ஆங்கிலத்தின்படி முடிவெடுத்துவிட்டார்கள், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மீதி மார்க்கைக் கூட்டிக் கட் ஆஃப் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போகலாம்.